மணி, நாள், வாரம்: ஃப்ளோ மீட்டர் பதிவுகளைக் கூட்டும்போது எல்லை எங்கே விழுகிறது?

பாலாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வாணியம்பாடியில் உள்ள ஒரு தோல் பதனிடும் ஆலையில் தண்ணீர்க் கணக்கைப் பார்க்கும் வேலை எனக்கு. போர்வெல் குழாயில் பொருத்தியிருக்கும் ஃப்ளோ மீட்டர் கால் மணி நேரத்துக்கு ஒரு வரி அனுப்புகிறது. அந்த வரியில் ஒரு நேரமும், எத்தனை கிலோலிட்டர் ஓடியது என்ற எண்ணும் மட்டுமே இருக்கும். நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் வருகிறது. எங்கள் ஆலையில் ஒரு நாள் என்பது காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை. வாரம் திங்கள் காலை 6 மணிக்குத் தொடங்குகிறது.

பைத்தானின் அட்டவணைக் கணக்கு நூலகமான பாண்டாஸில் இதுவரை நான் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான்:

```python
df['ts'] = pd.to_datetime(df['ts'], utc=True)
s = df.set_index('ts')['kl'].sort_index()
mani = s.resample('h').sum().tz_convert('Asia/Kolkata')
naal = s.resample('D').sum()
vaaram = s.resample('W').sum()
```

ஏழு நாள்களைக் கூட்டினால் வாரக் கூட்டல் சரியாக வந்துகொண்டிருந்ததால், பல மாதங்களாக இதை நான் சந்தேகிக்கவே இல்லை. சென்ற வாரம் பம்ப் ஆபரேட்டரின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. 2025 ஜூன் 2, திங்கட்கிழமை காலை 5 மணியிலிருந்து 6 மணிக்குள் 15 கிலோலிட்டர் ஓடியதாக அவர் மீட்டர் முகப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார். என் அட்டவணையில் 05:00 என்ற வரியே இல்லை. 04:30, 05:30, 06:30 என்றே வரிசையாக வருகின்றன. 05:30 வரியில் 13 என்று இருக்கிறது. அந்த நேரத்துக்கான மூலப் பதிவுகளை இந்திய நேரத்துக்கு மாற்றிக் கீழே தருகிறேன். ஆபரேட்டர் தவறாக எழுதியிருக்கிறாரா, அல்லது என் கணக்கு தவறா என்பதைச் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

```
05:00  2
05:15  3
05:30  3
05:45  4
06:00  5
06:15  1
```

குடியாத்தம்_தறி

ஆபரேட்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் ஐயா. நீங்கள் யுடிசியிலேயே மணிக்கணக்கைக் கூட்டிவிட்டு, அதன் பிறகு பெயரை மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுகிறீர்கள். நமக்கும் யுடிசிக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், அங்கே முழு மணியில் விழும் எல்லை இங்கே அரை மணியில் விழுகிறது. ஐந்தரை முதல் ஆறரை வரை உள்ள நான்கு வரிகளில் 3, 4, 5, 1 ஆகியவற்றைக் கூட்டினால் உங்கள் 13 வந்துவிடும். `tz_convert` என்பதை `resample` செய்வதற்கு முன்னால் போட வேண்டும்.

அதைச் செய்தாலும் 05:00 வரியில் 12தான் வரும், 15 வராது. ஏனென்றால் மணிக்கும் நாளுக்கும் பாண்டாஸ் இயல்பாக இடது எல்லையைச் சேர்த்துக்கொண்டு வலது எல்லையை விட்டுவிடும். அதாவது 05:00 பதிவு உள்ளே வரும், 06:00 பதிவு வெளியே போகும். உங்கள் மீட்டர் கால் மணி முடிந்த பிறகு நேரத்தைப் பதிகிறது என்று தோன்றுகிறது. 06:00 என்ற வரியில் உள்ள 5 கிலோலிட்டர் 05:45க்கும் 06:00க்கும் இடையில் ஓடிய தண்ணீர். ஆகவே நாளுக்கு `'D'` என்பதற்குப் பதில் `'24h'` போட்டு, மூன்று அளவுகளுக்கும் இதையே பயன்படுத்துங்கள்:

```python
kw = dict(closed='right', label='left', offset='6h')
```

மணிக்கு `offset` தேவையில்லை, ஆனாலும் இருந்தால் தீங்கில்லை. முன்பெல்லாம் இதற்கு `'24H'` என்று போட்டு `base=6` என்று எழுதுவோம். அந்த `base` பாண்டாஸ் 2.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது, அதன் இடத்தில்தான் `offset` வந்திருக்கிறது.

ஆம்பூர்_பில்

மன்னிக்க வேண்டும், வலது எல்லையைச் சேர்ப்பது தவறு என்பது என் அனுபவம். நான் ஒரு பிரியாணிக் கடையின் பில் கணக்கைப் பார்க்கிறேன். மதியம் ஒரு மணிக்குச் சரியாகப் போட்ட பில் ஒரு மணிக் கணக்கில்தான் வர வேண்டும். நீங்கள் சொல்வதுபோல் `closed='right'` போட்டால் அது 12 மணிக் கணக்கில் போய் விழும். இயல்பாக இருப்பதை மாற்றாமல் விடுவதே நல்லது.

கோட்டை_அகழி

ஆம்பூர் நண்பர் தம் கணக்குக்குச் சொல்வது சரி, ஆனால் அவருடைய பதிவும் இந்த மீட்டரின் பதிவும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பில் என்பது ஒரு கணத்தில் நடந்த நிகழ்வு; அதன் நேரம் அந்தக் கணத்தையே குறிக்கிறது. மீட்டர் வரியோ பதினைந்து நிமிட நீளமுள்ள ஒரு துண்டு, அதன் நேரம் துண்டின் தலையையும் குறிக்கலாம், வாலையும் குறிக்கலாம். பாண்டாஸுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது எல்லாப் பதிவையும் கணமாகவே பார்க்கும். எந்த எல்லையைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு விடை `resample` ஆவணத்தில் கிடைக்காது, மீட்டரிடம்தான் கிடைக்கும்.

ஆகவே, குடியாத்தம் நண்பர் "தோன்றுகிறது" என்று சொன்னதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பம்பு ஓடாத ஒரு வேளையில் காலை 10:00 மணிக்குச் சரியாக ஓடவிட்டு, 10:15க்கு நிறுத்திவிடுங்கள். அந்தத் தண்ணீர் 10:15 வரியில் வந்தால் வாலில் பதிகிறது, 10:00 வரியில் வந்தால் தலையில் பதிகிறது. ஆபரேட்டரின் 15 என்ற எண் வாலைத்தான் காட்டுகிறது, ஏனென்றால் 3, 3, 4, 5 கூட்டினால்தான் 15 வரும். ஆனாலும் ஒரே ஒரு மணி நேரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

உங்கள் பழைய கணக்கு இவ்வளவு காலம் ஏன் பிடிபடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுடிசி நாள் நம் நேரப்படி காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. உங்கள் ஆலையின் நாள் ஆறு மணிக்குத் தொடங்குகிறது. இரண்டும் தற்செயலாக அருகருகே இருப்பதால், ஒவ்வொரு நாளின் எல்லையிலும் 05:30, 05:45, 06:00 ஆகிய மூன்று வரிகள் மட்டுமே இடம் மாறின. ஜூன் 1 கணக்கில் சேர வேண்டிய 12 கிலோலிட்டர் ஜூன் 2க்குப் போயிருக்கும், அதே நேரத்தில் ஜூன் 1இன் தொடக்கத்தில் முந்தைய நாளின் மூன்று வரிகள் வந்து சேர்ந்திருக்கும். ஏறக்குறைய சமமாகிவிடும் பிழை இது. நள்ளிரவில் நாள் மாறும் ஓர் அலுவலகத்தில் இதே தவறு நடந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஏழு நாளும் வாரமும் ஒத்துப்போனதும் ஆறுதல் தரத் தக்கதல்ல; இரண்டும் ஒரே தவறான எல்லையில் வெட்டப்பட்டிருந்தன.

பாலாற்றங்கரை

அகழி ஐயாவின் சோதனையை இன்று காலை செய்து பார்த்தேன். தண்ணீர் முழுவதும் 10:15 வரியில்தான் வந்தது. 10:00 வரியிலும் 10:30 வரியிலும் பூஜ்யம். எனவே வாலில்தான் பதிகிறது.

குடியாத்தம் நண்பர் சொன்னபடி மாற்றினேன். மணிக்கணக்கு ஆபரேட்டரின் நோட்டோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறது, நாள் கணக்கும் அப்படியே. ஆனால் இப்போது வாரம் கெட்டுவிட்டது. மே 26 திங்கள் முதல் ஜூன் 1 ஞாயிறு வரை ஏழு நாள்களைக் கூட்டினால் 1,940 கிலோலிட்டர் வருகிறது. `s.resample('W', **kw).sum()` தருவதோ 1,912. அந்த வரியின் பெயரும் 2025-05-25 என்று இருக்கிறது, மே 25 ஞாயிற்றுக்கிழமை அல்லவா? முன்பு ஒத்துப்போனது, சரிசெய்த பிறகு ஒத்துப்போகாமல் நிற்கிறது. எங்கே தவறினேன்?

குடியாத்தம்_தறி

`'W'` என்றால் `'W-SUN'` என்று பொருள், அதனால்தான் ஞாயிறு வருகிறது. உங்கள் வாரம் திங்களில் தொடங்குவதால் `'W-MON'` என்று மாற்றிவிட்டு அதே `kw` போட்டுப் பாருங்கள் ஐயா.

கோட்டை_அகழி

நண்பரே, அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். `'W-MON'` என்பதில் உள்ள கிழமை வாரம் தொடங்கும் நாளைக் குறிப்பதன்று. முடியும் நாளைக் குறிக்கிறது. வலது எல்லையைச் சேர்க்கும்போது `'W-MON'` செவ்வாய் முதல் திங்கள் வரையுள்ள வாரத்தைத் தரும். பெயரில் திங்கள் தெரிவதால் பார்ப்பவர் திங்களில் தொடங்கும் வாரம் என்றே நம்பிவிடுவார். நானே ஒரு முறை ஒரு காலாண்டு அறிக்கையை இப்படி அனுப்பிவிட்டுத் திரும்பப் பெற்றிருக்கிறேன்.

1,912க்கு வருகிறேன். இதில் இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

முதலாவது, `offset` என்பது `'h'`, `'24h'` போன்ற நிலையான நீளமுள்ள அளவுகளுக்கு மட்டுமே வேலை செய்யும். வாரம், மாதம் போல நாட்காட்டியில் நங்கூரமிட்ட அளவுகளுக்கு அது கண்டுகொள்ளப்படாது. பிழைச் செய்தி வந்து கணக்கு நிற்காது. நீங்கள் எழுதிய `offset='6h'` வாரக் கணக்கில் எழுதாததற்குச் சமம். உங்கள் வாரம் நள்ளிரவில்தான் வெட்டப்பட்டிருக்கிறது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. `'W'` அளவில் வலது எல்லை ஞாயிறு 00:00 என்று கணக்கிடப்பட்டாலும், அப்படியே விட்டால் ஞாயிற்றுக்கிழமையின் பகல் முழுவதும் அடுத்த வாரத்துக்குப் போய்விடும். ஆகவே பாண்டாஸ் அந்த எல்லையை ஞாயிறு முடிவதற்கு ஓர் இம்மி முன்பு வரை நகர்த்திக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு இது வசதி. ஆனால் வாலில் பதியும் மீட்டருக்கு ஞாயிறு 23:45 முதல் 24:00 வரையிலான துண்டு திங்கள் 00:00 என்ற நேரத்தோடு வருகிறது. நாள் கணக்கில் `closed='right'` அதை ஞாயிற்றுக்கிழமையில் சேர்க்கும். வாரக் கணக்கில் அதே சொல் அதை அடுத்த வாரத்தில் சேர்க்கும்.

சோதித்துப் பாருங்கள். மே 26 திங்கள் 00:00 முதல் 06:00 வரை நேரமுள்ள வரிகளை ஒரு கூட்டல், ஜூன் 2 திங்கள் 00:00 முதல் 06:00 வரை நேரமுள்ள வரிகளை மற்றொரு கூட்டல் போடுங்கள். இரு முனைகளையும் சேர்த்து ஒவ்வொன்றிலும் 25 வரிகள் இருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு 24 வரிகள்தானே என்று கேட்பீர்கள். அந்த இருபத்தைந்தாவது வரிதான் நான் சொன்ன இரண்டாவது காரணம். முதல் கூட்டல் வாரத்தில் தவறாகச் சேர்ந்தது, இரண்டாவது கூட்டல் தவறாக விடுபட்டது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 28 வர வேண்டும்.

பாலாற்றங்கரை

முதலாவது 62, இரண்டாவது 90. வித்தியாசம் 28! ஒரு கிலோலிட்டர்கூடப் பிசகவில்லை. மிக்க நன்றி ஐயா. இனி எப்படி எழுதுவது?

கோட்டை_அகழி

வாலில் பதிந்த நேரத்தை முதலிலேயே தலைக்கு நகர்த்திவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு வரியும் தன் துண்டின் தொடக்கத்தைக் குறிக்கும். மூன்று அளவிலும் இடது எல்லையைச் சேர்த்தால் போதும், `closed` என்ற சொல்லே மணிக்கும் நாளுக்கும் தேவைப்படாது.

```python
s = s.tz_convert('Asia/Kolkata')
s.index = s.index - pd.Timedelta('15min')

mani = s.resample('h').sum()
naal = s.resample('24h', offset='6h').sum()

v = s.copy()
v.index = v.index - pd.Timedelta('6h')
vaaram = v.resample('W-MON', closed='left', label='left').sum()
```

வாரத்துக்கு `offset` உதவாததால் ஆறு மணி நேரத்தைக் கையாலேயே கழித்திருக்கிறேன். ஆலை நாள் அதன்மூலம் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையிலான நாளாகிவிடுகிறது. இடது எல்லையைச் சேர்த்து இடது பெயரைக் கேட்கும்போது `'W-MON'` திங்கள் முதல் ஞாயிறு வரையாக அமையும், பெயரும் அந்தத் திங்களாகவே இருக்கும். 2025-05-26 என்ற வரிக்கு மே 26 காலை 6 மணி முதல் ஜூன் 2 காலை 6 மணி வரை என்று பொருள். அட்டவணையைப் பிறருக்குக் கொடுக்கும்போது இதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

மொத்தக் கூட்டல் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்து நிறைவடைந்துவிடாதீர்கள். எல்லையை எங்கே வெட்டினாலும் மொத்தம் மாறாது. வரிகளை எண்ணுவதே நல்ல சோதனை: `sum` இருக்கும் இடத்தில் `count` போட்டால் முழு மணிக்கு 4, நாளுக்கு 96, வாரத்துக்கு 672 வர வேண்டும். கோப்பின் முனைகளில் இது மிகத் தெளிவாகத் தெரியும். நள்ளிரவில் நாள் மாறும் ஆலையில், ஜூன் 1 00:15 முதல் ஜூலை 1 00:00 வரை வாலில் பதிந்த ஒரு மாதக் கோப்பை எதையும் மாற்றாமல் நாளாகக் கூட்டினால் முதல் நாளில் 95 வரிகளும், ஜூலை 1 என்ற பெயரில் ஒற்றை வரியோடு ஒரு கூடுதல் நாளும் முளைக்கும். அந்த ஒற்றை வரியைக் கண்டால் எல்லை பிசகியிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். உங்கள் ஆலையிலோ நாள் 6 மணிக்கு மாறுவதால், மாதக் கோப்பின் முதல் வரி மே 31 என்ற பெயரில் குறைநாளாக வரும், அது பிழையன்று.

ஆம்பூர்_பில்

விளக்கத்துக்கு நன்றி. என் பதிவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இப்போது புரிகிறது. நான் வாரத்துக்கு `'168h'` போட்டு வருகிறேன், அதற்கு `offset` வேலை செய்கிறது. அதையே இவரும் பயன்படுத்தலாமே?

கோட்டை_அகழி

பயன்படுத்தலாம், ஆனால் `'168h'` தன் முதல் எல்லையைக் கோப்பின் முதல் நாளில் நட்டுக்கொள்ளும். கோப்பு புதன்கிழமை தொடங்கினால் வாரம் புதனில் தொடங்கும். நாளைக்கு நீங்கள் பழைய இரண்டு நாள்களை வடிகட்டிவிட்டால் எல்லா வாரங்களும் நகர்ந்துவிடும். எல்லையை ஒரே இடத்தில் நிறுத்த, ஒரு திங்களைக் கையால் கொடுங்கள்:

```python
t0 = pd.Timestamp('2025-05-26 06:00', tz='Asia/Kolkata')
s.resample('168h', origin=t0).sum()
```

`t0` நேர மண்டலத்தோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பிழைச் செய்தி வரும். உங்கள் பில்லை இப்படி ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

பேரணாம்பட்டு_மோட்டார்

நான் சற்றுத் தாமதமாக வருகிறேன். எங்கள் ஊரில் மின்தடை வந்தால் மீட்டரின் மோடம் அணைந்துவிடும், அந்த நேரத்துக்கு வரியே வராது. ஆனால் ஜெனரேட்டரில் பம்பு ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் அந்த இடத்தில் 0 என்று வருகிறது. எல்லை பிசகியதால்தான் இப்படி வருகிறதா?

குடியாத்தம்_தறி

இதற்கும் எல்லைக்கும் தொடர்பில்லை அண்ணா. வெற்றுக் கட்டத்தைக் கூட்டினால் பாண்டாஸ் 0 தரும். `sum(min_count=1)` என்று எழுதினால் ஒரு வரிகூட இல்லாத கட்டம் வெற்றாகவே வரும், தண்ணீர் ஓடவில்லை என்பதும் பதிவு இல்லை என்பதும் பிரிந்து தெரியும்.

பாலாற்றங்கரை

நானும் எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளில் மட்டும் 96க்குப் பதில் 88 வரிகள் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் விடுபட்டிருக்கிறது. நாள் கணக்கில் `min_count=1` இதைக் காட்டவில்லை.

கோட்டை_அகழி

காட்டாது, ஒரு வரி இருந்தாலும் அது திருப்தி அடைந்துவிடும். `min_count=96` என்று கேட்டால் குறையுள்ள நாள் முழுவதும் வெற்றாகும். 88 வரிகளின் கூட்டலைக் கொடுத்து அருகில் எண்ணிக்கையையும் காட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

குடியாத்தம்_தறி

இதில் எனக்கு உடன்பாடில்லை. அருகில் உள்ள எண்ணிக்கையை யாரும் படிக்கமாட்டார்கள்; 88 வரிகளின் கூட்டலை முழு நாள் என்றே எடுத்துக்கொள்வார்கள். மீட்டர் முகப்பில் மொத்த ஓட்டம் ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்று இருக்குமே, அதையும் அனுப்பச் சொல்ல முடியாதா? காலை 6 மணி எண்ணிலிருந்து முந்தைய நாள் 6 மணி எண்ணைக் கழித்தால் இடையில் எத்தனை வரி விடுபட்டாலும் நாள் கணக்கு சரியாக இருக்கும்.

கோட்டை_அகழி

அந்த எண் கிடைத்தால் நாளுக்கும் வாரத்துக்கும் அதுவே மேலானது, ஒப்புக்கொள்கிறேன். சரியாக 6 மணிக்கு மின்தடை இருந்தால் மட்டும் மீண்டும் சிக்கல் வரும்.

பாலாற்றங்கரை நண்பருக்கு இன்னொன்று. உங்கள் வரிகள் எல்லாம் 05:15:00 என்று துல்லியமாக வருகின்றனவா? 05:14:58 என்று இரண்டு நொடி முந்தி வந்தால், 15 நிமிடத்தைக் கழித்த பிறகு அது 04:59:58 ஆகி முந்தைய மணியில் விழும். அப்படி இருந்தால் 15 நிமிடத்துக்குப் பதிலாக 7 நிமிடம் 30 நொடியைக் கழியுங்கள். நேரம் துண்டின் நடுவுக்கு வந்துவிடும், இரு பக்கமும் ஏழு நிமிடம் வரை பிசகினாலும் வரி தன் கட்டத்தைவிட்டு வெளியே போகாது.

பாலாற்றங்கரை

பார்த்தேன் ஐயா. பெரும்பாலானவை துல்லியமாக இருக்கின்றன, மே மாதத்தில் சில வரிகள் மட்டும் ஒன்று இரண்டு நொடி பின்தங்கி வருகின்றன. நடுவுக்கு நகர்த்தும் வழியையே எடுத்துக்கொண்டேன். மே 26 வாரம் 1,940 என்று வந்துவிட்டது. மின்தடைக்குப் பிறகு வந்த ஒரே ஒரு வரி மட்டும் 14:41 என்ற நேரத்தோடு 19 கிலோலிட்டரைக் காட்டுகிறது. விடுபட்ட இரண்டு மணி நேரத் தண்ணீரையும் சேர்த்து ஒரே வரியில் மீட்டர் அனுப்பியிருக்கிறதா என்று தெரியவில்லை. அடுத்த மின்தடையின்போது முகப்பு எண்ணை ஆபரேட்டரிடம் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அது கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.